மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள், ஒரு கேள்வியை வையுங்கள்

அம்மா, வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பாடத்துக்கு நான் பொறுப்பாளன். தமிழ் டிவிஷனுக்கு இருவர், மலையாள டிவிஷனுக்கு இருவர் என நான்கு பேர் இருக்கிறோம். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று தொடங்கினோம். எங்கோ கிடைத்த 40 வரிப் படிவம், ஒவ்வொரு வரிக்கும் 5 மதிப்பெண். ஓய்வுபெற 2 ஆண்டு இருக்கும் டீச்சருக்கு, பணிக்கு வந்து 3 ஆண்டான சார் 'வகுப்புக் கட்டுப்பாடு' என்ற வரியில் 2 போட்டுவிட்டார். டீச்சர் இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. தலைமையாசிரியை படிவங்களைத் தன்னிடம் தரச் சொல்கிறார். யார் மனமும் நோகாமல் இதைச் செய்ய ஒரு முறையும், கைக்கு அடக்கமான ஒரு படிவமும் சொல்வீர்களா?
— கணித ஆசிரியர், சித்தூர் வட்டம், பாலக்காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த 2 என்ற எண்ணுக்குள் என்ன இருந்தது என்று இளைய சாரிடம் கேட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சில் இருவர் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கலாம். கண்டது எதுவோ அது அந்தத் தாளில் இல்லை. கண்டதை விழுங்கிவிட்டு எண் மட்டும் நிற்கிறது. 30 ஆண்டு வகுப்பெடுத்த ஒருவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் திருத்திக்கொள்ள முடியாது, வருத்தப்படத்தான் முடியும். குற்றம் இளைய சாருடையதும் அல்ல. 40 வரியை ஒரு பாடவேளையில் நிரப்பச் சொன்னால் யாரும் தலையைக் குனிந்து எண் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். வகுப்பைப் பார்க்க நேரம் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. நம் தொழிலில் வகுப்பின் பின்னால் ஒருவர் தாளோடு உட்கார்ந்தால் அதற்கு இரண்டே பொருள்தான் நமக்குத் தெரியும். ஒன்று, பி.எட். படித்தபோது நடந்த கிரிட்டிசிசம் கிளாஸ். மற்றது, இன்ஸ்பெக்‌ஷன். கிரிட்டிசிசம் கிளாஸில் நான் பாடம் எடுத்து முடித்தபின் உடன் படித்தவர்கள் வரிசையாக எழுந்து குறை சொன்னார்கள். குரல் கீச்சென்று இருக்கிறது என்று ஒருத்தி சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்று என்ன பாடம் எடுத்தேன் என்பது மறந்துவிட்டது. உங்கள் டீச்சருக்கும் இப்படி ஒன்று இருக்கும். நீங்கள் அமைக்கும் முறை இந்த இரண்டு நினைவுகளிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். பேச்சில் கனிவு காட்டினால் மட்டும் போதாது, தாளின் அமைப்பையே மாற்ற வேண்டும்.

மாற்றம் ஒன்றுதான். எதைப் பார்ப்பது என்பதை, பார்க்க வருபவர் முடிவு செய்யக் கூடாது. வகுப்பெடுப்பவர் முடிவு செய்ய வேண்டும். தனக்கே உண்மையில் விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் தன் வகுப்பைப் பற்றிக் கேட்பார். பார்க்க வருபவர் அந்தக் கேள்விக்கு வேண்டிய தகவலை மட்டும் சேகரித்துக் கொடுப்பார். முதலில் இருவரும் பேசுவது, பிறகு வகுப்பைப் பார்ப்பது, மறுபடி பேசுவது என்ற இந்த ஒழுங்கை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகனும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆசிரியர் பயிற்சிக்காக 1950களில் உருவாக்கினார்கள். நான் சொல்வது அதன் எளிய வடிவம். என் வகுப்பிலேயே நடந்ததைச் சொன்னால் தெளிவாகப் புரியும்.

அப்போது எனக்கு 24 ஆண்டு அனுபவம். பார்க்க வந்தவர் 3 ஆண்டு அனுபவமுள்ள ஓர் இளைஞர். முதல் நாள் மாலை, பள்ளி விட்டபின் கால் மணி நேரம் பேசினோம். "ஒன்பதாம் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சுப் பெண்கள் வாய் திறப்பதே இல்லை. அவர்களுக்குப் பாடம் வரவில்லையா, நான் அவர்களைத் தொடவே இல்லையா, தெரியவில்லை" என்றேன். அவர் அதை என் சொற்களிலேயே தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார். பிறகு எதைக் குறிப்பது என்று இருவருமாக முடிவு செய்தோம். நான் கேட்கும் கேள்விகள் எத்தனை, பதில் எந்த இடத்திலிருந்து வருகிறது, பதில் வரும்வரை நான் எவ்வளவு காத்திருக்கிறேன் என்ற மூன்றும் போதும், அதுவும் முதல் 20 நிமிடத்துக்கு மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் உட்காரும் ஒழுங்கை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைப் பின்னால் போடச் சொல்லவில்லை. கரும்பலகைக்குப் பக்கவாட்டில், சன்னலோரம் போடச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்தால் ஆசிரியர் முகம்தான் தெரியும், பக்கவாட்டில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் முகம் தெரியும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி அச்சம் போய்விடுகிறது. "சார் நம்மைச் சோதிக்க வரவில்லை, நான் கேட்டதற்காக எனக்கு உதவ வந்திருக்கிறார்" என்று பிள்ளைகளிடமும் ஒரு வாக்கியம் சொன்னேன். கணவாய்க் காற்று வீசும் மாதம். தாள் பறக்காமல் இருக்க ஒரு பையனின் ஜியோமெட்ரி பாக்ஸை வாங்கி மேலே வைத்துக்கொண்டார்.

பாடம் (x + 3)² போன்றவற்றை விரித்தெழுதுவது. வகுப்பு நன்றாகப் போனதாகவே எனக்குத் தோன்றியது.

அன்று மாலையே பேசினோம். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரு நிமிடம் எதுவும் சொல்லாமல் இருந்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "இதில் உங்கள் கண்ணுக்கு என்ன படுகிறது, டீச்சர்?" 20 நிமிடத்தில் 22 கேள்வி கேட்டிருக்கிறேன். 9 கேள்விக்கு வகுப்பே சேர்ந்து குரல் கொடுத்திருக்கிறது. மீதி 13 கேள்வியில் 10 பதில் அதே நான்கு பிள்ளைகளிடமிருந்து வந்திருக்கிறது. கடைசி இரண்டு பெஞ்சில் ஒரு குறிகூட இல்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு நான் காத்திருந்தது ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. இரண்டு முறை மட்டும் 4 நொடிக்கு மேல் போயிருக்கிறது. அது நான் திட்டமிட்டது அல்ல, கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்ப அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அந்த இரண்டு முறையும் வழக்கமாகப் பேசாத, நடு பெஞ்சுப் பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்கள் முன் பெஞ்சையே கேட்கிறீர்கள்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாதபோது யாரைக் கேட்பது என்று வாதாடியிருப்பேன். படத்தோடு வாதாட முடியவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் இதைத்தான் எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாதிருந்த பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது என் வகுப்பில் நடக்கிறது என்று அந்தத் தாள் சொல்லும்வரை தெரியவில்லை.

ஆனால் இரண்டு முறை நடந்ததை வைத்து எதையும் நிலைநாட்டிவிட முடியாது. அதனால் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை நான் தேர்ந்தெடுத்தேன், அவர் தரவில்லை. கேள்வி கேட்டதும் எல்லாரும் நோட்டில் விடையை எழுத வேண்டும், நான் மனத்துக்குள் ஐந்து எண்ணியபின் பெயர் சொல்லி அழைப்பேன் என்பதுதான் அது. அதே வகுப்பை, அதே 20 நிமிடத்தை அவர் மறுபடி பார்த்தார். கேள்விகள் 13 ஆகக் குறைந்தன. கூட்டாகச் சொன்னது 4. மீதி 9 பதிலில் அந்த நான்கு பிள்ளைகளுடையது 3 மட்டும். கடைசி பெஞ்சிலிருந்து இரண்டு பதில். அதற்கு விலையும் இருந்தது: ஐந்து கணக்கு போட நினைத்து மூன்றுதான் முடித்தேன். பெருக்கல் வாய்ப்பாடு போன்ற, உடனே வர வேண்டிய விடைகளுக்கு இந்தக் காத்திருப்பு வீண் என்பதும் அன்று தெரிந்தது.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி (x + 3)² = x² + 9 என்று எழுதியிருந்தாள். முந்தைய வாரம் வகுப்பு முழுவதும் சேர்ந்து சரியான விடையைச் சொன்னபோது அவளும் வாயசைத்திருப்பாள். கூட்டுக் குரலுக்கு அடியில் அந்தத் தவறு பத்திரமாக இருந்திருக்கிறது. x-க்கு 1 என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் 16 வந்தது, மறு பக்கம் 10 வந்தது. அவள் தானே அழித்துவிட்டு ஒரு சதுரம் வரையத் தொடங்கினாள். கட்டுப்பாடு, குரல், உடை, கரும்பலகைப் பயன்பாடு என்று 40 வரிக்கு மதிப்பெண் போட்டிருந்தால் இந்தப் பெண் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள்.

இனி உங்கள் படிவம். அரைத் தாள் போதும். மேலே தேதி, வகுப்பு, பாடவேளை, வகுப்பெடுப்பவர் கேட்ட கேள்வி அவருடைய சொற்களில். கீழே கணிதத்துக்கென்று இந்த வரிகளை அச்சடித்து வையுங்கள்.

□ கேள்வி முடிந்து முதல் பதில் வரும்வரை எத்தனை நொடி
□ பதில் எங்கிருந்து வந்தது (உட்காரும் படத்தில் புள்ளி): பெயர் சொல்லி அழைத்து, தானாக, கூட்டாக
□ தவறான விடை வந்ததும் ஆசிரியர் சொன்ன அடுத்த வாக்கியம், சொல்லுக்குச் சொல்
□ கணக்கின் எந்தப் படியைப் பிள்ளை எழுதியது, எந்தப் படியை ஆசிரியர் எழுதினார்
□ ஐந்து நோட்டுகளில், விடை பிசகத் தொடங்கிய முதல் வரி
□ பிள்ளைகள் பயன்படுத்திய கணிதச் சொற்கள், எந்த மொழியானாலும் அப்படியே

இவற்றில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் டிக் செய்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்கலாம் என்ற ஆசை வந்தால் பழைய படிவத்துக்கே திரும்பிவிடுவீர்கள். தாளின் அடியில் ஒரு வரி: 'என் வகுப்புக்கு நான் எடுத்துச் செல்வது.' அதைப் பார்க்க வந்தவர் தனக்காக நிரப்ப வேண்டும். ஆலோசனை எழுத இடமே விடாதீர்கள். இடம் இருந்தால் எழுதிவிடுவார்கள்.

எழுதும் மொழியில் கவனம் வேண்டும். 'கவனமில்லை' என்பது தீர்ப்பு. 'மூன்றாம் பெஞ்சுப் பையன் 10:20 முதல் 10:24 வரை சன்னலைப் பார்த்தான், பிறகு எழுதினான்' என்பது கண்டது. 'நல்ல விளக்கம்' என்பதும் தீர்ப்புதான், பாராட்டானாலும். எழுதியதைத் திருப்பிப் படிக்கும்போது, நன்று, குறைவு, சரியில்லை என்பது போன்ற சொல் இருந்தால் அடித்துவிட்டு, எதைக் கண்டு அப்படி நினைத்தோம் என்று எழுதுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் கை பழகிவிடும்.

கணிதச் சொற்களைக் குறிக்கும் வரியை ஏன் வைத்தேன் என்றால், உங்கள் ஊரில் அது உண்மையான விஷயம். தமிழ் டிவிஷன் பிள்ளை சமன்பாடு என்பதற்கு 'சமவாக்கியம்' என்று மலையாளத்தில் சொல்கிறது. ஆசிரியர் அதை ஏற்று மேலே போகிறாரா, திருத்திவிட்டுப் போகிறாரா, திருத்தியதும் அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறந்ததா என்பதையெல்லாம் வகுப்பெடுப்பவர் கவனிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். தமிழ் டிவிஷன் ஆசிரியர் மலையாள டிவிஷனைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுத முடியவில்லை என்றால், நொடியையும் இடத்தையும் குறிக்கும் முதல் இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளட்டும். அவற்றுக்கு மொழி தடையில்லை.

பார்க்க வருபவர் வகுப்பில் செய்யக் கூடாதவை சில உண்டு. பிள்ளைக்கு விடை எடுத்துக் கொடுக்கக் கூடாது. செல்போனில் படம் எடுக்கக் கூடாது. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு குறியைத் தவறாகப் போட்டால்கூட அங்கே திருத்தக் கூடாது. பாடவேளை முடிந்து வெளியே வந்ததும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வகுப்பில் அவரே பிள்ளைகளிடம் திருத்திக்கொள்வார்.

நான்கு பேர் என்பது வசதியான எண்ணிக்கை. ஆனால் இரண்டிரண்டாகச் சோடி சேர்க்காதீர்கள். நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன் என்று வைத்தால், அவர் என்ன எழுதினாரோ அதற்கேற்ப நாம் எழுதுவோம். ஒன்று பூசி மெழுகுவோம், இல்லையென்றால் கணக்குத் தீர்ப்போம். வட்டமாக வையுங்கள்: முதலாமவர் இரண்டாமவரை, இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் நான்காமவரை, நான்காமவர் முதலாமவரை. ஒரு பருவத்துக்கு ஒரு சுற்று, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரே வகுப்பு இரண்டு முறை. முன்பேச்சு, வகுப்பு, பின்பேச்சு எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலி பாடவேளை பொருந்தவில்லை என்றால் டைம்டேபிளில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். பின்பேச்சு அன்றே அல்லது மறுநாளே முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பேசினால், இடையில் மூன்று இரவு அவர் தூங்கியிருக்க மாட்டார்.

முதல் வகுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். உங்களைப் பார்க்க வருபவர் அந்த இளைய சாராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் உட்காரும் படத்தை, காலியான இடங்களோடு, மூவரிடமும் நீங்களே காட்டுங்கள். மற்றவர்கள் தங்கள் தாளைக் காட்ட வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

முறை சரியாக நடக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கேள்விகளைப் பாருங்கள். 'என் வகுப்பு எப்படி இருக்கிறது' என்று கேட்டால் அச்சம் இன்னும் இருக்கிறது. 'பின்னக் கணக்கில் பிள்ளைகள் எந்த வரியில் நிற்கிறார்கள்' என்று கேட்டால் நம்பிக்கை வந்துவிட்டது. கேட்ட கணத்திலேயே எல்லாக் கையும் உயர்ந்தால், நோட்டில் அந்தக் கணக்கு முன்பே போடப்பட்டிருந்தால், பாடம் ஒத்திகை பார்த்து நடத்தப்படுகிறது. அதற்காக அவரைக் கேட்காதீர்கள். தாள் வேறு எங்கோ போகிறது என்று அவர் நினைக்கிறார், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் அது தலைமையாசிரியை மேசையிலிருந்து வரும். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு, வேலை நடக்கிறதா என்று அவர் அறிந்தாக வேண்டும். எனவே ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, வகுப்பு, யார் யாரைப் பார்த்தார், பின்பேச்சு முடிந்ததா, இருவர் கையொப்பம். அது அவருடையது. அரைத் தாள் வகுப்பெடுத்தவருடையது. நகல் கிடையாது, பின்பேச்சு முடிந்ததும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதில் உள்ளது பணி மதிப்பீட்டுக்கோ ஓய்வறைப் பேச்சுக்கோ போகாது என்று நால்வரும் தலைமையாசிரியையும் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் வகுப்புகளைப் பார்க்க விரும்பினால் தன் பொறுப்பில், தன் பெயரில் தனியாகப் பார்க்கட்டும். அதை இதோடு கலந்தால் நாளைக்கு யாரும் தெரியாததைத் தெரியாது என்று கேட்க மாட்டார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நிரப்பிய பழைய படிவங்கள் உங்கள் அலமாரியில் இருக்கும். அவற்றை யாருடைய வகுப்போ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டீச்சரிடம் நீங்களே போங்கள், இளைய சாரை அனுப்பாதீர்கள். அந்தப் படிவத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, உங்கள் வகுப்பில் உங்களுக்கே புரியாத ஒன்றைச் சொல்லி, எதைக் குறித்தால் அது தெரியும் என்று அவரிடம் கேளுங்கள். 30 ஆண்டாகப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய கண் அது. எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.